கவரின் ஓட்டைகள் சொல்லும் போன் எது?

செல்போன் உதிரிப்பொருள் விற்கும் கடைக்காரரின் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தால் பாதிக்குப் பாதி இப்படித்தான் இருக்கும். பூப்போட்ட பெட்ஷீட்டின் மேல் ஒரு கண்ணாடி மாதிரியான பேக் கவர். மஞ்சள் பூத்திருக்கும், ஒரு மூலை கிழிந்திருக்கும். கீழே ஒரு வரி: "அண்ணே, இதே மாதிரி ஒண்ணு வேணும், இருக்கா?" எந்த போன் என்று கேட்டால் "ரெட்மி" என்று பதில் வரும். ரெட்மியில் எது என்று கேட்டால் "நோட் 9" என்பார்கள். அதோடு கேள்வி முடிந்துவிட்டது என்று நினைப்பவர் கடை நடத்த முடியாது. உண்மையில் சிக்கல் தொடங்குவதே அங்குதான்.

காரணம், போனின் பெயரும் போனின் உடம்பும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை அல்ல. ஒரே உடம்பை நாலைந்து பெயர்களில் விற்பார்கள். ஒரே பெயரில் வெவ்வேறு உடம்புகளையும் விற்பார்கள். கவருக்கும் ஸ்கிரீன் கார்டுக்கும் பெயரைப் பற்றிக் கவலை இல்லை, உடம்புதான் கணக்கு. ஆகவே படத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பெயரைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு ஓட்டைகளையும் அளவையும் படிக்க வேண்டும். பெயரைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

ரெட்மி நோட் 9 குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். இந்தக் குழப்பத்துக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. 2020 மார்ச்சில் இந்தியாவில் நோட் 9 ப்ரோ, நோட் 9 ப்ரோ மேக்ஸ் என்று இரண்டு போன்கள் வந்தன. நம் ஊரில் 9 ப்ரோ என்று விற்றதை வெளிநாடுகளில் நோட் 9எஸ் என்று விற்றார்கள். வெளிநாட்டில் நோட் 9 ப்ரோ என்று ஒன்று தனியாக வந்தது. கேமராவும் சார்ஜிங்கும் வேறு, கவருக்கு வேண்டிய உடம்பு அதேதான். அதே ஆண்டு ஜூலையில் போக்கோ எம்2 ப்ரோ என்ற பெயரில் அதே உடம்பு மறுபடி கடைக்கு வந்தது. 2021 அக்டோபரில் அதையே ரெட்மி நோட் 10 லைட் என்று பெயர் மாற்றி மறுபடி விற்றார்கள். ஆக, ஆறு போன்களுக்கு ஒரே கவர்.

இனி மறுபக்கம். வெறும் நோட் 9, "ப்ரோ" என்ற வால் இல்லாதது, முற்றிலும் வேறு போன். சீனாவில் 2020 நவம்பரில் வந்த நோட் 9 ப்ரோ 5ஜி இன்னொரு தனி உடம்பு. அதைத்தான் 2021 ஜனவரியில் எம்ஐ 10ஐ என்ற பெயரில் இந்தியாவில் விற்றார்கள். இணையத்தில் "நோட் 9 ப்ரோ கவர்" என்று தேடி, விலை குறைவாக இருக்கிறதே என்று சீன 5ஜி மாடலுக்கான கவரை வாங்கிவிட்டால், சதுரக் கேமராவின் மேல் வட்ட ஓட்டை வந்து உட்காரும். பெயரில் ஒரே ஒரு "5ஜி" தான் வித்தியாசம்.

இப்போது நம் கையில் இருப்பது பெட்ஷீட் மேல் கிடக்கும் கவரின் படம் மட்டும். அதை எப்படிப் படிப்பது?

முதலில் பார்க்க வேண்டியது, கவர் எந்தப் பக்கமாகக் கிடக்கிறது என்பது. அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இது. போனின் முதுகைப் பார்க்கும்போது கேமரா இடது மேல் மூலையில் இருந்தால், கவரை உள்பக்கமிருந்து பார்க்கும்போது அதே ஓட்டை வலது மேல் மூலையில் தெரியும். பட்டன்களும் அப்படியே இடம் மாறும். படத்தில் கவரின் சுவர்கள் நம்மை நோக்கி எழுந்து நின்றால், கிண்ணத்துக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் உள்பக்கம் தெரிகிறது என்று பொருள். ஒளி ஊடுருவும் கவரில் இது சட்டென்று பிடிபடாது. அப்போது கேமரா ஓட்டையைச் சுற்றியுள்ள விளிம்பைப் பார்க்கலாம். பெரும்பாலான கவர்களில் கேமராவைக் காக்க ஒரு சின்ன வரம்பு வெளிப்பக்கமாக உயர்ந்திருக்கும். அது நம்மை நோக்கி மேடாகத் தெரிந்தால் வெளிப்பக்கம். முன்கேமராவில் எடுத்த படமானால் அதுவே கண்ணாடி பிம்பம்போல் திரும்பியிருக்க வாய்ப்புண்டு. பக்கத்தில் ஏதாவது எழுத்து கிடந்தால் அது நேராக வாசிக்க வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

பக்கம் தெரிந்த பிறகு கேமரா ஓட்டை. நம் படத்தில் அது மேலே, நட்டநடுவில், சதுரமாக இருக்கிறது. அதன் கீழ்ப்பக்கம் கொஞ்சம் நீண்டு, ஃபிளாஷ் விளக்குக்கும் இடம் விட்டிருக்கிறது. இந்த ஒரு தகவலே பெரிய கூட்டத்தை வெளியே அனுப்பிவிடுகிறது. மூலையில் கேமரா வைத்த ஐபோன், சாம்சங் எல்லாம் போயிற்று. வட்டக் கேமரா கொண்ட எம்ஐ 10ஐயும் போயிற்று.

அடுத்தது விரல்ரேகை. கவரை வைத்து போனைக் கண்டுபிடிப்பவர்கள் அதிகம் நம்பும் அடையாளம் இதுதான், ஏனென்றால் இதில் கவர் செய்பவர் ஏமாற்ற முடியாது. விரல் பட வேண்டிய இடத்தைத் திறந்து விட்டே ஆக வேண்டும். வெறும் நோட் 9 போனில் சென்சார் முதுகில், கேமராவுக்குக் கீழே இருக்கிறது. அதனால் அதன் கவரில் அந்த இடமும் சேர்ந்து திறந்திருக்கும். நம் படத்தில் அங்கே விரலுக்கு இடமில்லை. அதற்குப் பதிலாக வலது சுவரில் பவர் பட்டன் இருக்க வேண்டிய இடம் வெட்டித் திறந்திருக்கிறது. வால்யூம் பட்டனுக்கு ரப்பர் மேடு, பவர் பட்டனுக்கு மட்டும் திறப்பு என்றால், பவர் பட்டனே விரல்ரேகை சென்சார் என்று அர்த்தம். நோட் 9 ப்ரோ குடும்பத்தில் அப்படித்தான். இரண்டு பட்டன்களும் ரப்பர் மேடாகவே இருந்து, முதுகிலும் வட்டம் இல்லை என்றால், அது திரைக்குள் சென்சார் வைத்த போனாகவோ முகம் பார்த்துத் திறக்கும் போனாகவோ இருக்கும்.

மேல் சுவரையும் கீழ்ச் சுவரையும் காட்டும் இன்னும் இரண்டு படங்களைக் கேட்டு வாங்கலாம். கீழே சார்ஜர் துளைக்குப் பக்கத்தில் ஒரு வட்டத் துளை இருந்தால் அது ஹெட்போனுக்கு. மேலே ஒன்றுக்கு இரண்டு சிறு துளைகள் இருந்தால் ஒன்று மைக், மற்றது டிவி ரிமோட் வேலை செய்யும் இன்ஃப்ராரெட் விளக்கு. ஷியோமி போன்களில் அது வாடிக்கை. இவை தனியாக ஒரு மாடலைச் சொல்லிவிடாது, முன்னால் எடுத்த முடிவை உறுதிப்படுத்தும் சாட்சிகள் மட்டுமே. மலிவான கவர்களில் கீழ்ப்பக்கம் முழுவதையும் ஒரே நீளத் திறப்பாக வெட்டிவிடுவதும் உண்டு. அங்கே சாட்சி கிடைக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால்தான் அளவு. படத்தை வைத்து அளக்க முடியுமா என்று கேட்கலாம். முடியும், பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் இருந்தால். அதற்கு ஏடிஎம் கார்டைவிடச் சிறந்தது இல்லை. உலகம் முழுக்க அதன் நீளம் 85.6 மில்லிமீட்டர், அகலம் 54 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் பான் கார்டும் அதே அளவுதான். கார்டின் எண் படத்தில் விழாமல் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். ஸ்கேல் இருக்கிறதே என்பார்கள். ஸ்கேலும் சரிதான், ஆனால் வீட்டில் தேடினால் கிடைக்காது, கார்டு பர்ஸிலேயே இருக்கும்.

கார்டை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். மேஜையில் கவருக்குப் பக்கத்தில் வைத்தால் தவறான விடை வரும். கவரின் விளிம்பு மேஜையிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேமரா அரை மீட்டர் உயரத்தில் இருந்தால், விளிம்பு கேமராவுக்கு ஒரு சென்டிமீட்டர் நெருக்கம். நெருக்கமான பொருள் பெரிதாகத் தெரியும். ஐம்பதில் ஒன்று என்றால் இரண்டு சதவீதம். 165 மில்லிமீட்டர் நீளத்தில் அது மூன்று மில்லிமீட்டருக்கும் மேல். இரண்டு மாடல்களுக்கு நடுவே உள்ள வித்தியாசமே அவ்வளவுதான் என்றால் அளந்து என்ன பயன்? ஆகவே கார்டைக் கவருக்கு உள்ளே, அதன் தரையில் வைத்து, அந்தத் தரையையே அளக்க வேண்டும். அப்போது இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும். கவரின் உள் அகலம் ஏழரை சென்டிமீட்டருக்குக் குறையாது என்பதால் கார்டு தாராளமாக உட்காரும். கேமராவை நேர் மேலே, கைக்கு எட்டிய உயரத்தில் பிடித்து, 2x ஜூம் வைத்து எடுத்தால் ஓரங்கள் இழுபடாது.

படம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கணினித் திரையில் பெரிதாக்கி, திரையின் மேலேயே ஸ்கேலை வைத்து அளக்கலாம். கார்டின் நீளம் திரையில் 64 மில்லிமீட்டர் இருக்கிறது. உடனே அகலத்தையும் அளந்து பாருங்கள். 64 நீளத்துக்கு அகலம் 40 மில்லிமீட்டரை ஒட்டி வர வேண்டும். 38 அல்லது 42 வந்தால் கேமராவைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார்கள், படத்தைத் திரும்ப எடுக்கச் சொல்ல வேண்டியதுதான். நம் படத்தில் 40 சரியாக வருகிறது. கவர்த் தரையின் நீளம் திரையில் 123.5. இதை 85.6ஆல் பெருக்கி 64ஆல் வகுத்தால் 165.2 மில்லிமீட்டர்.

நோட் 9 ப்ரோவின் நீளம் 165.8, அகலம் 76.7. வெறும் நோட் 9 போனின் நீளம் 162.3, அகலம் 77.2. கவரின் தரை மூலைகளில் லேசாக வளைந்து ஏறுவதால், தரையை அளந்தால் போனின் நீளத்தைவிட ஒரு மில்லிமீட்டர் வரை குறைவாக வரும், கூடுதலாக வராது. 165.2 என்ற விடை 162.3 போனுக்குப் பொருந்தவே பொருந்தாது, 165.8 போனுக்கு அச்சாகப் பொருந்துகிறது. அகலத்தை வைத்து முடிவெடுக்க முயன்றிருந்தால் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் தொலைந்திருப்போம். இன்றைய போன்கள் எல்லாம் கைப்பிடிக்குத் தக்கபடி ஏறக்குறைய ஒரே அகலத்தில் வருகின்றன, வித்தியாசம் எல்லாம் நீளத்தில்தான். மஞ்சளாகித் தொளதொளத்துப் போன பழைய கவர் சில இடங்களில் இழுபட்டிருக்கும், அதன் அளவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். நம் படத்தில் ஓட்டைகளும் அளவும் ஒரே விடையைச் சொல்வதால் பயமில்லை.

ஆக, கவர் நோட் 9 ப்ரோ குடும்பத்தைச் சேர்ந்தது. ப்ரோவா, மேக்ஸா, போக்கோவா என்று படத்தால் சொல்ல முடியாது. சொல்லத் தேவையும் இல்லை, ஆறுக்கும் அது சேரும்.

இனி வேலை மறுமுனையில். கேட்டவரிடம் இருக்கும் போன் அந்தக் குடும்பம்தானா? இங்கே வாயால் சொல்லும் பெயரை நம்பாமல் மாடல் எண்ணைக் கேட்க வேண்டும். போனில் Settings, அதற்குள் About phone, அதற்குள் Model என்ற வரி. அங்கே கிடைக்காவிட்டால் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும். இந்தியாவில் விற்ற நோட் 9 ப்ரோவின் எண் M2003J6A1I. ப்ரோ மேக்ஸ் M2003J6B1I. போக்கோ எம்2 ப்ரோ M2003J6CI. மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் பெயர்கள் மறைத்ததை எண் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 2003 என்பது 2020 மார்ச். J6 என்பது குடும்பப் பெயர்போல மூன்றிலும் பொதுவாக நிற்கிறது. கடைசி I இந்தியா, அந்த இடத்தில் G இருந்தால் உலகச் சந்தைக்கானது. வெறும் நோட் 9 போனின் எண்ணில் J6 இருக்காது, J15 என்று வரும். எம்ஐ 10ஐயின் எண் M2007J17I, சீனாவின் நோட் 9 ப்ரோ 5ஜி M2007J17C. ஒன்று எம்ஐ, ஒன்று ரெட்மி என்று பெயர் பிரித்தாலும் J17 இரண்டையும் சேர்த்துவிட்டது.

திரை உடைந்து போன் திறக்கவே இல்லை, பெட்டியும் இல்லை என்றால்? பழைய பில்லில் ஐஎம்இஐ எண் இருந்தால் போதும். இந்தியாவில் KYM என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போனின் நிறுவனமும் மாடலும் பதிலாக வரும். திருட்டு போன் வாங்கி ஏமாறாமல் இருப்பதற்காக அரசு வைத்த வசதி, கவர் தேடுவதற்கும் உதவுகிறது. அந்த எஸ்எம்எஸ்ஸை நீங்களே அனுப்புங்கள். ஐஎம்இஐ எண்ணைப் படமெடுத்துத் தெரியாதவர்களுக்கு அனுப்பாதீர்கள்.

சாம்சங் ஆட்களுக்கு வேலை இன்னும் சுலபம், கவர் அந்த நிறுவனமே விற்றதாக இருந்தால். கேலக்ஸி எஸ்21 போனின் எண் SM-G991B. அதற்கு நிறுவனம் விற்ற சிலிகான் கவரின் எண் EF-PG991 என்று தொடங்கும். EF-க்கு அடுத்த எழுத்து கவரின் வகை, அதற்கடுத்து போனின் எண் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கவரின் பெட்டியில் இந்த எண் தெரியும்படி ஒரு படம் கிடைத்தால் மேலே சொன்ன கணக்கு எதுவும் தேவையில்லை. ஆனால் நம் ஊரில் போடும் கவர்களில் எத்தனை பேருடையது நிறுவனத்தின் கவர்?

ஐபோனில் இந்த விளையாட்டு வேறு மாதிரி. அங்கே பெயர்க் குழப்பம் குறைவு, உடம்புக் குழப்பம் அதிகம். ஐபோன் 8, 2020ல் வந்த எஸ்இ, 2022ல் வந்த எஸ்இ மூன்றும் 138.4க்கு 67.3 மில்லிமீட்டர். ஒன்றின் கவர் மற்ற இரண்டுக்கும் சேரும். ஐபோன் 12, 12 ப்ரோ இரண்டுக்கும் ஒரே கவர். இதைப் பார்த்துவிட்டு 13க்கும் 13 ப்ரோவுக்கும் ஒரே கவர் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். நீள அகலம் இரண்டுக்கும் 146.7க்கு 71.5 என்று ஒன்றுதான், ஆனால் ப்ரோவின் கேமரா மேடு பெரியது. 13 ப்ரோ கவரை 13ல் மாட்டினால் கேமராவைச் சுற்றிச் சந்து விழும். 13 கவரை 13 ப்ரோவில் மாட்டவே முடியாது.

இதே 13 ஜோடிக்கு ஸ்கிரீன் கார்டு என்று வந்தால் கதை தலைகீழ். 13, 13 ப்ரோ, 14 மூன்றுக்கும் ஒரே கண்ணாடி. எக்ஸ்ஆர், 11 இரண்டுக்கும் முன்பக்கம் ஒரே அளவு, முதுகில் ஒன்றுக்கு ஒற்றைக் கேமரா, மற்றதற்குச் சதுரத்தில் இரண்டு. கண்ணாடி ஒன்று, கவர் வேறு. ஏனென்றால் கவர் பார்ப்பது முதுகையும் பக்கங்களையும், கண்ணாடி பார்ப்பது முகத்தை மட்டும். "கவர் சேர்ந்ததே, கண்ணாடியும் சேரும்" என்ற நினைப்பிலும், அதன் மறுதலையிலும்தான் கடைகளில் பணம் வீணாகிறது.

கண்ணாடியைப் படத்தில் அடையாளம் காண்பது கவரைவிடக் கடினம். ஓட்டையே இல்லாத கண்ணாடிகள் உண்டு. முன்கேமராவுக்கான இடத்தைத் துளைக்காமல் வெறுமனே தெளிவாக விட்டுவிடுவார்கள். கறுப்பு விளிம்பு போட்ட கண்ணாடியானால் வாய்ப்பு உண்டு. வெள்ளைத் தாளின் மேல் வைத்து எடுத்தால் கறுப்புச் சட்டத்துக்கு நடுவே தெளிவான சன்னல் தெரியும். அந்தச் சன்னல்தான் போனின் திரை அளவு, ஒரு மயிரிழை கூடுதலாக. கறுப்பு விளிம்பில்லாத வெறும் கண்ணாடியைக் கறுப்புத் துணி மேல் சாய்வான வெளிச்சத்தில் வைத்தால் ஓரமாவது தெரியும், பெட்ஷீட் மேல் வைத்தால் எதுவும் தெரியாது.

நம் நோட் 9 உதாரணத்துக்கே வருவோம். வெறும் நோட் 9 போனின் திரை 6.53 அங்குலம், நோட் 9 ப்ரோவுக்கு 6.67. இந்த அங்குலம் குறுக்கு அளவு, மூலையிலிருந்து எதிர் மூலைக்கு. நீளம் அகலமாக மாற்றினால் நோட் 9 போனின் திரை ஏறக்குறைய 150.6க்கு 69.5 மில்லிமீட்டர். ப்ரோவின் திரை 154.5க்கு 69.5. அகலம் இங்கும் ஒன்றே, நீளத்தில் நாலு மில்லிமீட்டர். ஆகவே படத்தில் சன்னலின் நீளத்தைத்தான் அளக்க வேண்டும். இங்கே கார்டைக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே வைக்கலாம், கண்ணாடி மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கனம்தான் என்பதால் உயர வித்தியாசம் வராது. முன்கேமரா இருக்கும் இடமும் உதவும். ப்ரோவில் அது மேலே நடுவில், வெறும் நோட் 9 போனில் இடது மூலையில். மூலையில் ஓட்டை உள்ள கண்ணாடியைப் பின்புறமாகக் கவிழ்த்து வைத்தால் ஓட்டை வலது மூலைக்குப் போய்விடும் என்பதை மறக்கக் கூடாது. ஒட்டும் பசை இருக்கும் பக்கத்தில்தான் பிரிக்கும் காதுள்ள பிளாஸ்டிக் தாள் இருக்கும், படத்தில் அந்தக் காது மேலே தெரிந்தால் கண்ணாடி கவிழ்ந்து கிடக்கிறது.

கண்ணாடியின் மொத்த அளவை போனின் அகலத்தோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. பெரும்பாலான போன்களில் திரைக் கண்ணாடியின் ஓரம் லேசாக வளைந்து இறங்குகிறது. தட்டையான டெம்பர்டு கிளாஸ் அந்த வளைவில் உட்காராது, ஓரம் தூக்கி வெள்ளையாகத் தெரியும். அதனால் நல்ல கண்ணாடியை ஒவ்வொரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர்போலக் குறைத்தே வெட்டுகிறார்கள். குறைத்து வெட்டியதைப் பார்த்து "சின்ன மாடல் கண்ணாடியைக் கொடுத்துட்டாங்க" என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. விளிம்புவரை வரும் கண்ணாடியில் வேறு தொல்லை. இறுக்கமான கவரின் உதடு அதன் ஓரத்தை நெம்பி, மெல்ல மெல்ல மேலே தூக்கிவிடும். கவரும் கண்ணாடியும் தனித்தனியே சரியான மாடலுக்கு உரியவையாக இருந்தும் ஒன்றாகச் சேராமல் போவது இப்படித்தான். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் 9H, 11D எல்லாம் அளவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 9H என்பது பென்சில் கீறல் சோதனையின் எண், 11D என்பது விற்பனைக்காரர்களின் கற்பனை.

இணையக் கடையில் காட்டும் படத்தை மேலே சொன்ன எந்த முறையிலும் படிக்க வேண்டாம். அங்கே ஒரே பூ டிசைனை இருநூறு மாடல்களுக்கு விற்பார்கள், படம் மட்டும் ஒரே ஒரு போனுடையதாக இருக்கும். படத்தைக் கொடுத்துத் தேடும் வசதியும் பூவைத்தான் பொருத்திப் பார்க்கும், ஓட்டையை அல்ல. வாங்கியவர்கள் தங்கள் போனில் மாட்டிப் போட்டிருக்கும் படங்கள் இருந்தால் அவற்றைப் பார்க்கலாம், அவையாவது உண்மையான பொருளின் படங்கள்.

இவ்வளவு செய்து பார்சலும் வந்த பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. கண்ணாடியின் பசைத்தாளைப் பிரிக்காமல், அப்படியே திரை மேல் வைத்துப் பாருங்கள். முன்கேமரா, காதில் வைத்துக் கேட்கும் மேல் ஸ்பீக்கர், கீழ் ஓரத்தின் கறுப்புப் பட்டை, இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நேராக வர வேண்டும். கேமராவை நேராக்கினால் கீழ்ப் பட்டை திரைக்குள் ஏறுகிறது, பட்டையை நேராக்கினால் கேமரா மறைகிறது என்றால் அது நாலு மில்லிமீட்டர் கதைதான், வேறு போனின் கண்ணாடி. கவரோடு சேர்த்தும் ஒருமுறை வைத்துப் பாருங்கள், உதடு கண்ணாடியைத் தொடுகிறதா என்று. பசைத்தாள் பிரியாத கண்ணாடியைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்வார். பிரித்துவிட்டுக் கொண்டுபோனால் அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.